குடிகார அப்பா காட்சி: வெளியிடுமுன் ஒரு சோதனை

"அட்டன் பக்கம் எடுக்கும் குறுநாடகத்துக்கு வசனம் முடிந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடித்து விழும் அப்பாவைப் பார்த்து யாரும் புண்படுவார்களா?"

அந்த அப்பாவின் வரிகளை மட்டும் தனியே எடுத்து வாசியுங்கள். உளறலைத் தவிர வேறு எதுவுமே இல்லையென்றால் அங்கேதான் சிக்கல். அப்புறம் அதே காட்சியில் அவரை கொழும்பு வங்கி மேலாளராக்கிப் பாருங்கள். சிரிப்பு வராவிட்டால், இதுவரை சிரிக்க வைத்தது லயம்தான். அந்த வரிகளை வெட்டலாம்.

குடியை எடுக்க வேண்டியதில்லை. கொழுந்து கிலோ குறைந்ததென்று மனைவிக்கு அரைநாள் சம்பளமே வரும்படி அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையிடம் அவர் போதையில் எகிறட்டும்; கேலி நிர்வாகத்தின் மேல் திரும்பும்.

கடைசியாக, குழுவில் இல்லாத தோட்டத்து அக்கா ஒருவரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசிக்கக் கொடுங்கள். நண்பர்கள் எப்படியும் சிரிப்பார்கள், அதை நம்ப வேண்டாம்.