ஆறு வாய், மூன்று கண், ஒரு பாட்டி: சிக்கன அனிமேஷன் கேள்வி பதில்

பதினைந்து வருடமாக 2டி தொடர்களில்தான் என் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது குழந்தைகளுக்கான தொடர் ஒன்று, எபிசோடுக்கு 5 நிமிடம், வரைகிறவர்கள் என்னையும் சேர்த்து மூன்றே பேர். தெரிந்ததைச் சொல்கிறேன், 3டி மட்டும் கேட்காதீர்கள். குரல் பதிவு முடியாமலே வாய் வரைய ஆரம்பித்தவர்கள் அந்த வேலையை நிறுத்திவிட்டு வந்து கேட்கவும்.

கோடுபோடுபவன்: அக்கா, ஒருவர் பேசுகிற 8 நொடி ஷாட்டுக்குக் குறைந்தது எத்தனை படம் வேண்டும்? நான் எண்ணினால் 96 வருகிறது, தலை சுற்றுகிறது.

கணக்கு சரிதான். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 192, இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்றால் 96. ஆனால் அது ஒவ்வொரு தடவையும் முழு உடம்பையும் வரைகிறவர் போடுகிற கணக்கு. நாங்கள் போன மாதம் முடித்த ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். பாட்டி பேரனைத் திட்டுகிறாள்: "எங்கடா போனே இவ்ளோ நேரம்? சோறு ஆறிப்போச்சு!" முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்த்து 8 நொடி.

உடம்புக்கு 5 படம். இடுப்பில் கை வைத்து நிற்பது ஒன்று, கையை நீட்டி நிற்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று: லேசாகப் பின்வாங்குவது, நீட்டும்போது கை கொஞ்சம் அதிகமாகவே போய்விடுவது, அங்கிருந்து பாதி திரும்புவது. வாய் 6, கண் 3, ஆட்டுகிற விரல் 2. மொத்தம் 16 படம்.

இதில் கை எப்போது நீள்கிறது என்பதுதான் முக்கியம். "சோறு" என்ற சொல்லுக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னாலேயே கை நீண்டு முடிந்துவிடுகிறது, அப்புறம்தான் சொல் விழுகிறது. முதல் வாக்கியம் முழுவதும் உடம்பு அசையவே இல்லை, அதனால்தான் அந்த ஒரு அசைவு அடி மாதிரி விழுகிறது. எங்கள் பையன் ஒருவன் முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் கையைக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டியிருந்தான். படம் இன்னும் ஒன்பது கூடியது, பார்க்க மலிவாகத்தான் இருந்தது. பேசி முடித்த பிறகு வாய் மூடி ஒரு நொடி முறைப்பு, ஒரே ஒரு கண் சிமிட்டல். எல்லாரும் சிரித்தது அந்த இடத்தில்தான், அதற்குப் புதிதாக ஒரு படம்கூட வரையவில்லை.

நெட்டிசைன்: ஒரே படத்தை நிறுத்தி வைக்கிற ஹோல்ட் வந்தாலே வீடியோ ஹேங் ஆன மாதிரி இருக்கு. என் மச்சான் பார்த்துட்டு "நெட் போயிடுச்சா?" என்று கேட்டான்.

மச்சான் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் தப்பு ஹோல்டில் இருக்காது, அதற்கு முந்தைய ஃப்ரேமில் இருக்கும். ஓடிவந்த உருவம் ஒரே ஃப்ரேமில் ஆணி அடித்தமாதிரி நின்றால் அது உறைந்துபோனதாகத்தான் தெரியும். போஸைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிற்கட்டும். முடி, முந்தானை, காதுத் தோடு மாதிரி ஏதாவது ஒன்று உடம்பு நின்ற பிறகு நாலு ஃப்ரேம் கழித்து நிற்கட்டும். அவ்வளவு செய்தாலே ஒரு நொடி ஹோல்டை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதற்கு மேல் நீண்டால் கண் சிமிட்ட வையுங்கள். பாதி மூடியது 2 ஃப்ரேம், முழுக்க மூடியது 2, மறுபடி பாதி 2. சரியாக மூன்று நொடிக்கு ஒரு தடவை என்று மட்டும் வைக்காதீர்கள், டிராஃபிக் சிக்னல் மாதிரி ஆகிவிடும். யோசனை மாறுகிற இடத்தில், பார்வை திரும்புகிற இடத்தில் சிமிட்டினால் அந்த உருவம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

மூச்சு விடுவதாகக் காட்ட மொத்தப் படத்தையும் ஸ்கேல் செய்து பெரிதாக்கிச் சிறிதாக்குகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். கோடும் சேர்ந்து தடித்து மெலியும், பலூனுக்குக் காற்றடிப்பதுபோல் இருக்கும்.

பென்சில்சீவி: தலையைத் தனி லேயரில் ஆட்டினால் கழுத்தில் வெட்டுத் தெரிகிறது.

1958-ல் டிவிக்கு வந்த யோகி கரடி எதற்குக் காலரும் டையும் போட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு அசையாமல் தலை மட்டும் மாறும்போது ஒட்டு அந்தக் காலருக்குள் மறைந்துவிடும். எங்கள் தாத்தாவுக்குக் கழுத்தைச் சுற்றித் துண்டு, பாட்டிக்குக் கழுத்தை ஒட்டிய அட்டிகை.

ழகரம்: ஆங்கிலப் புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் வாய்ப் பட்டியல் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. தமிழுக்கு எத்தனை வாய் போதும்?

நல்ல கேள்வி, உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆறு போதுகிறது. உதடு மூடியது ப, ம இரண்டுக்கும். அகலத் திறந்தது ஆ. பக்கவாட்டில் இழுத்தது இ, ஈ, எ, ஏ. குவிந்தது ஒ, ஓ, ஊ. கீழுதட்டைப் பல் தொடுவது வ. லேசாகத் திறந்த சின்ன வாய் மீதி எல்லாவற்றுக்கும். நீங்கள் பெயரில் வைத்திருக்கிற ழகரம், அப்புறம் ளகரம், டகரம் எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற வேலை, வெளியே தெரியாது. அதற்கெல்லாம் தனி வாய் வரைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆங்கிலப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். முதலாவது இரட்டிப்பு. "மாமா"வில் உதடு மூடுவதற்கு 2 ஃப்ரேம் போதும், "அம்மா", "அப்பா"வில் 4 ஃப்ரேமாவது மூடியே இருக்க வேண்டும். இதை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் டப்பிங் படம் பார்க்கிற உணர்வு வரும்.

இரண்டாவது குற்றியலுகரம். பள்ளியில் மனப்பாடம் செய்தது இங்கே உதவுகிறது. "சோறு", "காசு" இவற்றின் கடைசி உகரத்துக்கு உதடு குவியாது, அங்கே சின்ன வாய்தான். குவிந்த வாயைப் போட்டால் பாட்டி வாக்கியத்துக்கு ஒரு தடவை முத்தம் கொடுக்கிறாள். இதே மாதிரி "நேரம்", "மரம்" என்று முடிகிற சொற்களிலும் பேச்சில் கடைசி ம் மூக்கோடு போய்விடுகிறது, உதடு மூடுவதில்லை. எழுத்தைப் பார்த்து வாய் போடாதீர்கள், காதால் கேட்டுப் போடுங்கள்.

எழுத்துக்கு ஒரு வாய் என்றும் வேண்டாம். "இவ்ளோ நேரம்" வேகமாகச் சொன்னால் நாலு வாய்: இழுத்தது, குவிந்தது, இழுத்தது, சின்னது. நடுவில் வருகிற வகரத்தை விட்டுவிட்டோம், யாரும் தேடவில்லை. வாய் சத்தத்துக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வந்தால் பொருந்தும், பின்னால் வந்தால் உறுத்தும்.

மைக்முன்னால்: மன்னிக்கவும் மேடம், பத்து வருடமாக டப்பிங் பேசுகிறேன். "மரம்" என்றால் உதடு மூடும். மூடாமல் ம் எப்படி வரும்?

கண்ணாடி முன்னால் நின்று "அந்த மரம் விழுந்துடுச்சு" என்று வீட்டில் பேசுகிற வேகத்தில் சொல்லிப் பாருங்கள். பிறகு "மரமும்" என்று சொல்லுங்கள். நடுவில் இருக்கிற ம்-க்கு உதடு மூடும், கடைசியில் இருப்பதற்கு மூடாது.

மைக்முன்னால்: பார்த்தேன். மூடுகிறது.

மைக்குக்குப் பேசுகிற பழக்கத்தில் சொல்லியிருப்பீர்கள். செய்தி வாசிப்பு, கதை சொல்கிற குரல், மேடைப் பேச்சு இவற்றில் மூடும், அதை ஒப்புக்கொள்கிறேன். "மரம் பெரிசு" என்று அடுத்து ப வந்தாலும் மூடும். பாட்டி திட்டும்போது மூடாது.

பனங்கொட்டை: நான் யாழ்ப்பாணம். நாங்கள் மரத்தை மூடித்தான் சொல்லுவோம், எங்கட அம்மம்மா திட்டினாலும் மூடித்தான் திட்டுவா.

அப்படியானால் உங்கள் அம்மம்மாவுக்கு மூடிய வாய்தான். நான் சொன்னது எங்கள் தொடரில் பேசுகிற சென்னைப் பாட்டியை வைத்து. இதனால்தான் குரலைப் பதிவு செய்யாமல் வாய் வரையாதீர்கள் என்று கத்துகிறேன். ஸ்கிரிப்டில் எல்லா ஊருக்கும் ஒரே "மரம்"தான்.

மைக்முன்னால்: சென்னையிலும் மூடும்.

சரி, அடுத்த கேள்வி.

சோம்பேறிராஜா: வாயைத் தானாகப் போட்டுத்தருகிற இலவச மென்பொருள் தமிழுக்கு வேலை செய்யுமா?

Rhubarb Lip Sync ஓரளவு செய்யும். சும்மா ஓட்டினால் ஆங்கிலம் என்று நினைத்துச் சொற்களைத் தேடும், அதனால் ஒலியை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும்:

```
rhubarb -r phonetic -o paatti.txt paatti.wav
```

எந்த நொடியில் எந்த வாய் என்று A, B, C எழுத்துகளில் பட்டியல் வரும். அதில் A தான் மூடிய உதடு. பட்டியலில் A வருகிற இடங்களை மட்டும் கையால் சரிபார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மூடிய வாய் தப்பினால் பார்க்கிறவர் உடனே கண்டுபிடிப்பார், மற்றவற்றைப் பொறுத்துக்கொள்வார்.

புதுமுகம்22: தமிழுக்கு எத்தனை வாய் வேண்டும் மேடம்?

மேலே.

அவசரம்: ஸ்கிரிப்ட் ரெடி, குரல் அடுத்த வாரம்தான். அதுவரை வாய் போட்டு வைக்கலாமா?

கூடாது.

ஊர்சுற்றி: அதே சில படங்களைச் சுற்றவிட்டு நடக்கவைக்கிற சைக்கிளில் கால் தரையில் வழுக்குகிறது. பின்னணியில் ஒரே வேப்பமரம் திரும்பத் திரும்ப வருகிறது என்றும் கிண்டல் செய்கிறார்கள்.

வழுக்கல் வெறும் கணக்குப் பிரச்சினை. ஒரே இடத்தில் நடக்கிற சைக்கிளில், தரையில் ஊன்றிய கால் பின்னால் போகிற தூரத்தை அளந்துபாருங்கள். 12 ஃப்ரேமில் 120 பிக்சல் போகிறது என்றால் ஃப்ரேமுக்கு 10. பின்னணியும் அதே 10-ல் நகர வேண்டும், கண்ணளவில் போடக் கூடாது. இதைச் செய்தும் கால் நடுங்கினால், உருவம் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு தடவை மாறுகிறது, பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்கிறது என்று அர்த்தம். பின்னணியையும் இரண்டு ஃப்ரேமுக்கு 20 பிக்சல் என்று மாற்றிப் பாருங்கள். அப்போது பின்னணி கொஞ்சம் விட்டுவிட்டு நகரும். அது பிடிக்கவில்லை என்றால் ஷாட்டை இடுப்புக்கு மேலே வெட்டுங்கள், காலே தெரியாது. நாங்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறோம்.

வேப்பமரத்துக்கும் அதே கணக்கு. ஃப்ரேமுக்கு 10 என்றால் நொடிக்கு 240 பிக்சல், 8 நொடிக்கு 1920. உங்கள் திரை 1920 அகலம் என்றால் இரண்டு திரை அகலத்துக்குப் பின்னணி வரைந்தால் போதும், திரும்ப ஓட்டவே வேண்டியதில்லை. கணக்குப் போடாமல் ஒன்றரைத் திரை வரைந்து லூப்பில் விட்டிருப்பீர்கள்.

டயர்பஞ்சர்: என் ஹீரோ சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான், அந்த சைக்கிளையும் ரீயூஸ் பண்ணலாமா?

இங்கே பேசுவது வேற சைக்கிள் தம்பி. ஆனால் பண்ணலாம், மிதிக்கிற காலுக்கு 6 படம், சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் போதும்.

மைக்முன்னால்: மேடம், இப்போது என் மனைவியைச் சொல்லச் சொல்லி போனில் எடுத்தேன். "சாப்பாடு நேரம் ஆச்சு" என்றாள். நேரம்-இல் மூடவில்லை. ஆனால் அதற்கு அடுத்து ஆ வருகிறதே, அதனால் இருக்கலாம்.

அடுத்து ஆ வந்தால் மூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், அப்படியும் மூடவில்லை என்கிறீர்கள். "ஆச்சு" இல்லாமல் "என்ன நேரம்?" என்று மட்டும் கேட்கச் சொல்லி இன்னொரு தடவை எடுங்கள். போனில் எடுக்கிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.