ரத்தம் கசிந்த வினைச்சொல்

கேள்வி: விழு, நட இரண்டுமே செயப்படுபொருள் குன்றிய வினைதானே? அப்புறம் ஏன் இரண்டு வகை என்கிறார்கள்? எந்தச் சோதனையை நம்பிப் பிரிப்பது?

உங்கள் ஆசிரியரும் ஒரே ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பட்டியல் போடச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அதில் அடிபட்டவன்.

"கண்ணாடியை உடைத்தேன்", "கண்ணாடி உடைந்தது". முதல் வாக்கியத்தின் செயப்படுபொருள்தான் இரண்டாவதில் எழுவாயாக நிற்கிறது. விழு போன்ற வினைகளின் எழுவாயும் அடிப்படையில் செயப்படுபொருள்தான் என்று 1978-இல் மொழியியலாளர் பெர்ல்மட்டர் வாதிட்டார். இவை அன்அக்யூசட்டிவ். நட, ஆடு போன்றவற்றின் எழுவாய் ஆரம்பம் முதலே எழுவாய், அவை அன்எர்கட்டிவ். (தமிழ்ச் சொல் போடக்கூடாதா என்று வராதீர்கள். ஆளுக்கொரு கலைச்சொல்லை உருவாக்கிவிட்டு, மற்றவர் சொல்லைப் படிக்காதவர்களோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.)

என் ஆய்வுக் கட்டுரை டச்சு மொழி பற்றியது. அதில் இரண்டு சோதனைகள் பிரபலம். ஒன்று, முற்றுப்பெற்ற காலத்துக்கு எந்தத் துணைவினை வருகிறது என்பது: 'விழு'வுக்கு 'ஸைன்' (இரு), 'ஆடு'வுக்கு 'ஹெபன்' (கொள்). மற்றொன்று, எழுவாயே இல்லாமல் "அங்கே ஆடப்பட்டது" என்று சொல்ல முடிகிறதா என்பது. ஆடு வரும், "அங்கே விழப்பட்டது" சாதாரணமாக வராது. இதுவரை இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகின்றன.

சிக்கல் 'ரத்தம் கசி' என்ற வினையில் வந்தது. டச்சில் அதற்கு 'ப்ளூடன்'. துணைவினை ஹெபன், ஆக அன்எர்கட்டிவ். ஆனால் "அங்கே ரத்தம் கசியப்பட்டது" என்ற அமைப்பில் அது நிற்காது, ஆக அன்அக்யூசட்டிவ். நான் இரண்டு முடிவையும் அப்படியே எழுதினேன். மதிப்பிட்டவர் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். பெயர் வேண்டாம்.

கவனக்குறைவு இல்லை. இரண்டு சோதனைகளும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. துணைவினை பார்ப்பது, செயலுக்கு ஒரு முடிவெல்லை உண்டா என்பதை. எழுவாயில்லா அமைப்பு பார்ப்பது, செய்பவருக்கு அதன்மேல் கட்டுப்பாடு உண்டா என்பதை. ரத்தம் கசிவதற்கு எல்லை இல்லை, அதனால் ஹெபன்; கட்டுப்பாடும் இல்லை, அதனால் எழுவாயில்லா அமைப்பு வராது. அதனால்தான் முரண்.

நட என்பதையே பாருங்கள். "அவன் நடந்திருக்கிறான்" என்றால் டச்சில் ஹெபன். "வீட்டுக்கு நடந்திருக்கிறான்" என்றால் ஸைன். வினை அதேதான்; வீடு என்ற எல்லை சேர்ந்ததும் துணைவினை மாறிவிட்டது. ஆக, தனி வினையை மட்டும் பட்டியலிட்டால் தப்பு வரும், முழு வாக்கியத்தையும் எழுதுங்கள்.

மொழி தாண்டினாலும் கவனம் தேவை. முகம் சிவப்பதற்கு இத்தாலியனில் 'இரு' துணைவினை, டச்சில் 'கொள்'. பொருளை மட்டும் வைத்து "இது விருப்பமின்றி நடப்பது, ஆகவே அன்அக்யூசட்டிவ்" என்று எழுதினால் டச்சில் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லா வினையும் இப்படிக் குழப்பும் என்று நான் சொல்லவில்லை. விழு, வந்துசேர் போன்றவை நான் பார்த்த வரையில் தொந்தரவு தருவதில்லை. ஓரத்தில் நிற்பவைதான் தகராறு. அவற்றுக்கு இரண்டு சோதனையாவது செய்து, முரண் வந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். மதிப்பெண் போனால் என்னைத் திட்டாதீர்கள், எனக்கும் போயிருக்கிறது.