லைட் எரிகிறது, சத்தம் வரவில்லை: பழைய கீபோட்டும் மிடி வயரும்

"அண்ணா, எங்கட தேவாலயப் பாடகர் குழுவிடம் பழைய கீபோட் ஒன்று இருக்கிறது. அதில் யூ.எஸ்.பி கிடையாது, பின்னால் ஐந்து ஓட்டை உள்ள வட்டச் சொக்கற் இரண்டுதான். கிளிநொச்சியில் ஒரு மிடி வயர் வாங்கி லப்டொப்பில் இணைத்தேன். வயரில் லைட் எரிகிறது. ஆனால் கீபோட்டை வாசித்தால் கணினியில் ஒன்றும் கேட்கவில்லை. வயர் பழுதா, கீபோட் பழுதா?"
(வாசகர், பரந்தன்)

தம்பி, பெரும்பாலும் இரண்டுமே பழுதாக இருக்காது. இன் என்று எழுதிய பிளக்கை இன் சொக்கற்றிலும், அவுட் என்று எழுதியதை அவுட்டிலும் செருகியிருப்பீர்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் அது தலைகீழ். வயரில் உள்ள இன் என்பது கணினிக்குள் போகும் வழி. நீங்கள் வாசிப்பது கீபோட்டின் அவுட் வழியாக வெளியே வருகிறது. ஆகவே வயரின் இன் பிளக் கீபோட்டின் அவுட்டில் இருக்க வேண்டும். சில மலிவு வயர்களில் 'எந்தச் சொக்கற்றில் செருக வேண்டும்' என்ற கணக்கில் மாற்றி அச்சடித்திருப்பார்கள். அதனால் ஒரு பக்கம் சரிவராவிட்டால் மறு பக்கம் செருகிப் பாருங்கள். மாறிச் செருகினாலும் எதுவும் எரிந்துபோகாது.

இப்போதைக்கு அந்த ஒரு பிளக் போதும். மற்றது சும்மா தொங்கட்டும். கணினியிலிருந்து கீபோட்டை வாசிக்க வைக்கும்போதுதான் அது தேவை. த்ரூ என்று மூன்றாவது சொக்கற் உள்ள கீபோட் வைத்திருப்பவர்கள் அதில் செருக வேண்டாம். இன்னுக்குள் வந்ததைத் திருப்பி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை, உங்கள் விரல் வாசிப்பது அங்கே வராது.

அடுத்தது, 'கேட்கவில்லை' என்பது. மிடி வயரில் சத்தம் போவதே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்திதான் போகிறது. அதைச் சத்தமாக மாற்ற கணினிக்குள் ஒரு வாத்தியம், அதாவது ஒரு மென்பொருள், திறந்திருக்க வேண்டும். கீபோட்டில் உள்ள அதே வயலின் சத்தத்தைப் பதிவுசெய்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் மிடி வயர் உதவாது. ஹெட்ஃபோன் சொக்கற்றிலிருந்து கணினியின் ஓடியோ உள்ளீட்டுக்கு ஒரு வயர் போட வேண்டும்.

சரி, செய்தி வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவோம். விண்டோஸில் `MIDI-OX` என்ற சிறிய மென்பொருளைத் திறந்து, `Options` → `MIDI Devices` என்பதில் உங்கள் வயரை உள்ளீடாகத் தெரிவுசெய்யுங்கள். `USB2.0-MIDI` அல்லது `USB MIDI Interface` என்பது போன்ற பெயரில் இருக்கும். இப்படியான வயர்களுக்குப் பொதுவாகத் தனியாக டிரைவர் எதுவும் போடத் தேவையில்லை. இப்போது நடு ஸ்தாயி ஸி கட்டையை அழுத்தி விடுங்கள். இப்படி இரண்டு வரி வர வேண்டும்:

```
90 3C 40
80 3C 40
```

90 என்றால் முதலாம் சனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது. 3C அந்தக் கட்டையின் இலக்கம், நம் எண்ணில் 60. கடைசியில் உள்ள 40 அழுத்திய வேகம், நம் எண்ணில் 64. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் அந்த எண் மாறாமலே இருந்தால் உங்கள் கீபோட்டுக்கு அழுத்த வேறுபாடு தெரியாது என்று அர்த்தம், பழுதல்ல. 80 என்பது கட்டையை விட்டது. சில கீபோட்டுகள் அதற்குப் பதிலாக `90 3C 00` என்று அனுப்பும், அதுவும் சரிதான்.

யாரும் தொடாமலே வயரின் லைட் விட்டு விட்டு மின்னினால் பயப்பட வேண்டாம். சில கீபோட்டுகள் 'நான் இணைப்பில் இருக்கிறேன்' என்று `FE` என்ற செய்தியை செக்கனுக்கு மூன்று நான்கு தரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். உண்மையில் அது நல்ல அறிகுறி, வயரும் சொக்கற்றும் வேலை செய்கின்றன.

எதுவுமே வரவில்லையா? சொக்கற்றைப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசிக்கும் குளவி மண்ணுக்கும் இப்படியான ஓட்டைகள் நல்ல இடம். ஐந்து பின்னில் மிடிக்குத் தேவை நடுவில் உள்ள மூன்று மட்டுமே. அதிலும் செய்தியைச் சுமப்பவை நட்ட நடுப் பின்னுக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டு. ஓரத்தில் உள்ள இரண்டு பின்கள் வளைந்தாலும் உடைந்தாலும் கவலையில்லை. கீபோட்டின் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, கொன்ராக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பிளக்கைப் பல தரம் செருகி எடுங்கள். இன்னொன்று: பெட்டி வடிவ மிடி கருவி வாங்கியவர்கள் வீட்டில் கிடந்த பழைய ரேப் ரெக்கோடரின் ஐந்து பின் வயரைப் போட்டுப் பார்ப்பதுண்டு. பிளக் அச்சாகப் பொருந்தும், ஆனால் உள்ளே சில பின்களுக்குக் கம்பியே இருக்காது, அல்லது மாற்றிப் பொருத்தியிருக்கும்.

இரண்டு வரியும் வந்துவிட்டதா? அப்போ `MIDI-OX`-ஐ மூடிவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு மிடி வழியை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். அது திறந்திருக்கும்போது `REAPER` போன்ற பதிவு மென்பொருளைத் திறந்தால், வயரைக் காட்டும் ஆனால் ஒரு சுரமும் வராது. மூடிய பிறகு `REAPER`-இன் `Preferences`-இல் மிடி உள்ளீட்டை இயக்கி, ஒரு தடத்தில் `ReaSynth` வாத்தியத்தைப் போட்டு, அந்தத் தடத்தின் உள்ளீடாக மிடியைத் தெரிவுசெய்து, அதன் பதிவுப் பொத்தானையும் மொனிட்டர் பொத்தானையும் அழுத்தினால் சத்தம் கேட்கும். `ReaSynth` இனிமையான வாத்தியம் அல்ல, சோதிக்க மட்டும் போதும்.

சத்தம் வந்ததும் இரண்டு தொல்லைகள் வரலாம். கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் ஒலிக்கிறது என்றால் வயரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு சுரத்தின் செய்தி அந்த வயரைக் கடக்க ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு செக்கன்தான் எடுக்கும். தாமதம் கணினியின் ஓடியோ பகுதியில் இருக்கிறது. `ASIO4ALL` டிரைவரைப் போட்டு, பஃபரை, அதாவது கணினி ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவை, 256 மாதிரிகளுக்கு இறக்குங்கள். செக்கனுக்கு 44,100 மாதிரி என்ற வீதத்தில் அது ஆறு மில்லி செக்கன் அளவுதான், கைக்குத் தெரியாது. சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 512-க்கு ஏற்றுங்கள். விண்டோஸோடு வரும் `Microsoft GS Wavetable Synth` எப்படியும் பிந்தித்தான் ஒலிக்கும், வாசிக்க அதை நம்ப வேண்டாம்.

மற்றது, ஒரே சுரம் இரண்டு தரம் கேட்பது. கீபோட்டும் ஒலிக்கிறது, கணினியும் ஒலிக்கிறது. கீபோட்டின் அமைப்புகளில் லோக்கல் என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்துங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் கீபோட்டின் வொலியூமை முழுதாகக் குறைத்தால் சரி, மிடி செய்தி அதனால் குறையாது.

உங்கள் வயர் மலிவானதுதான் என்றாலும் பாடலுக்கு வாசித்துப் பதிய அது போதும். கணினியிலிருந்து கீபோட்டுக்கு நீளமான தரவு அனுப்பும்போதும், தாளத்தோடு பல சனலில் ஒரே நேரம் செய்தி ஓடும்போதும்தான் சில மலிவு வயர்கள் திணறும். 'கட்டையை விட்டாச்சு' என்ற செய்தி வழியில் தொலைந்தால் ஒரு சுரம் முடியாமல் இழுத்துக்கொண்டே நிற்கும். ஒரு தரம் வந்தால் அந்தக் கட்டையையே திரும்ப அழுத்தி விடுங்கள், நின்றுவிடும். ஓட்டோ தாளத்தை நிறுத்தி வாசித்த பிறகும் அடிக்கடி அப்படி நடந்தால் மட்டும் வேறு வயர் தேடுங்கள்.