வெப்சைட் செலவு: சொத்தா, செலவா?

கேள்வி: கரூரில் பெட்ஷீட் தயாரிக்கிறோம், பார்ட்னர்ஷிப் நிறுவனம். நேரடியாக ஆர்டர் எடுக்க வெப்சைட் ஒன்று செய்தோம். ஜி.எஸ்.டி. போக 3,90,000 ரூபாய் ஆனது. நவம்பர் 1 முதல் ஓடுகிறது. முழுத் தொகையையும் இந்த வருடச் செலவில் எழுதிவிடலாமா?

பதில்: சைட்டில் வாடிக்கையாளர் பணம் கட்டி வாங்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். போட்டோவும் போன் நம்பரும் மட்டும் உள்ள சைட் விளம்பரம்தான். மொத்தமும் அந்த வருடச் செலவு. உங்களுடையது ஆர்டர் எடுக்கிறது, ஆகவே ஒரு பகுதி சொத்தாகும். எந்தப் பகுதி என்பது பில்லைப் பிரித்தால்தான் தெரியும். "வெப்சைட் டெவலப்மெண்ட்" என்று ஒரே வரியில் பில் தந்திருந்தால், வேலைவாரியாகப் பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பில் இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: திட்டமிடல் ஆலோசனை 40,000, டிசைன், புரோகிராமிங், பேமெண்ட் இணைப்பு 2,52,000, பெட்ஷீட் போட்டோக்கள் 60,000, ஊழியர் பயிற்சி 20,000, ஒரு வருட ஹோஸ்டிங் 18,000.

இதில் 2,52,000 மட்டுமே சொத்து. எப்படிச் செய்யலாம் என்று யோசிக்கும் கட்டத்தில் சொத்து எதுவும் உருவாகவில்லை, அதனால் ஆலோசனைக் கட்டணம் செலவு. பயிற்சியும் அப்படியே. பலர் தடுக்கி விழுவது போட்டோவில். சைட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று சொத்தில் சேர்த்துவிடுவார்கள். பொருளை விற்க எடுத்த படம் விளம்பரம்தான். பெரிய கம்பெனிகளுக்கான கணக்கியல் தரநிலையான இந்த்-ஏ.எஸ். 38 இதைத் தெளிவாகவே சொல்கிறது. உங்களுக்குப் பொருந்துவது ஏ.எஸ். 26 என்றாலும் நான் அந்த வழியில்தான் போவேன். ஹோஸ்டிங்கில் மார்ச் வரையான 5 மாதத்துக்கு 7,500 செலவு, மீதி 10,500 முன்பணம்.

சைட் மூன்று வருடம் தாங்கும் என்று கணித்தால், புத்தகத்தில் தேய்மானம் மாதம் 7,000, இந்த வருடம் 35,000. வருமான வரியில் கணக்கு வேறு. சாஃப்ட்வேருக்கு விகிதம் 40 சதவீதம். நவம்பர் முதல் மார்ச் வரை 180 நாளுக்குக் குறைவு என்பதால் பாதிதான் கிடைக்கும்: 50,400. அடுத்த வருடம் மீதமுள்ள 2,01,600-க்கு முழு 40 சதவீதம். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருந்தால், அந்தத் தொகையைச் சொத்தின் மதிப்பில் ஏற்றக் கூடாது.

வெப்சைட் செலவை முழுவதும் வருவாய்ச் செலவாக தில்லி உயர் நீதிமன்றம் ஏற்ற வழக்கும் உண்டு. அதை நம்பி வரியில் மொத்தமாகக் கழித்தால் அதிகாரி கேள்வி கேட்க வாய்ப்பு இருக்கிறது. இந்தத் தொகைக்கு அந்தச் சண்டை தேவையா என்று ஆடிட்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இனி மாதாமாதம் தரும் பராமரிப்புக் கட்டணமும், பிழை திருத்தமும், புது டிசைன் பெட்ஷீட்டுகளைப் பட்டியலில் ஏற்றுவதும் அந்தந்த வருடச் செலவே. மொத்த வியாபாரிகளுக்குத் தனி விலையில் ஆர்டர் எடுக்கும் வசதியைப் புதிதாகச் சேர்த்தால், அதைத் தனி பில்லாக வாங்கிச் சொத்தில் சேருங்கள்.