இரண்டு நிமிடத்தில் ஒரு கண்மாய்

ஆசிரியருக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளன். பணிக்காலம் பெரும்பாலும் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களில் கழிந்தது. அடுத்த மாதம் மதுரையில் ஒரு கல்லூரியில் ‘கண்மாய்களைத் தூர்வாருவது பலன் தருகிறதா?’ என்று கலந்துரையாடல். ஒரு விவசாயி, ஒரு பேராசிரியர், ஒரு பெண் வழக்கறிஞர், நான் என நால்வர். விவாதம் தொடங்குமுன் ஆளுக்கு இரண்டு நிமிடம், தன்னைப் பற்றியும் தன் நிலைப்பாட்டையும் சொல்ல வேண்டுமாம். எழுதிப் பார்த்தால் நான்கு பக்கம் வருகிறது. எதை வெட்டுவது? நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு பேச என்ன மிஞ்சும்?
— ஒரு வாசகர், சிவகங்கை

ஐயா, வணக்கம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். தமிழில் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள் போகும். அப்படியானால் இரண்டு நிமிடத்துக்கு 170 சொல். மைக்கைச் சரிசெய்வதும் மூச்சு விடுவதும் இதற்குள்தான். எனவே எழுதுவது 140 சொற்களில் நிற்கட்டும். கையெழுத்தில் ஒரு பக்கம்கூட வராது. உங்கள் நான்கு பக்கத்தைச் சுருக்க முயலாதீர்கள். சுருக்கினால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எஞ்சும். ஒன்றும் கேட்பவர் மனதில் நிற்காது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறும் தாளில் புதிதாகத் தொடங்குங்கள். அந்த நான்கு பக்கமும் வீணாகாது. விவாதத்தின்போது எடுத்துப் பேச வேண்டிய சரக்கு அதில்தான் இருக்கிறது.

நம் மேடைகளில் நேரம் முதலில் கரைவது விளிப்பில்தான். தலைவர், துறைத்தலைவர், சக பேச்சாளர்கள், மாணவச் செல்வங்கள் என்று ஒவ்வொருவராக வணங்கி, அழைத்தவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் 30, 40 விநாடி ஓடிவிடும். இரண்டு நிமிடத்தில் அது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. நால்வரும் இதையே செய்தால் அவையோர் ஒரே பட்டியலை நான்கு முறை கேட்பார்கள். ‘வணக்கம்’ என்ற ஒரு சொல் போதும். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்கினால், அந்தச் சொல்லைச் சொல்லும்போது இரு பக்கத்திலும் அமர்ந்திருப்பவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலை அசையுங்கள். நன்றியை நிகழ்ச்சி முடிவில் சொல்லலாம்.

அடுத்தது அறிமுகம். படிப்பு, சேர்ந்த வருடம், பதவி உயர்வு, பணியிடங்கள் எல்லாவற்றையும் நெறியாளர் சொல்லட்டும். இரண்டு வரியில் எழுதி ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள். மேடையில் நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்றுதான். இந்தப் பொருளில் கைப்பட என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. ‘நீண்டகால அனுபவம் உள்ளவன்’ என்பதைவிட ‘தூர்வாரிய மண்ணை அளந்து எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதியவன்’ என்பது கேட்பவருக்கு எவ்வளவோ அதிகம் சொல்லும். இரண்டாவது, இதில் உங்கள் சார்பு என்ன என்பது. அவையில் விவசாயிகள் இருப்பார்கள். ஊர்க்காரர்களே நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017இல் மீண்டும் தொடங்கியதிலிருந்து நடந்த வேலைகள் பற்றி அவர்களுக்கு மனக்குறை இருக்கலாம். நீங்கள் துறையின் ஆள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அதைப் பத்தாவது நிமிடத்தில் இன்னொருவர் குற்றச்சாட்டாக வீச முடியாது. மூன்றாவது, உங்கள் அனுபவத்தின் எல்லை. வைகைப் பக்கத்துக் கண்மாய்களை வைத்துப் பேசுகிறவர் சென்னைப் புறநகர் ஏரிகளுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எல்லையை வகுத்துவிட்டால் அதற்குள் நீங்கள் சொல்வதை நம்புவார்கள். இன்னொன்று, இன்றைய மாணவர்களுக்கு நீர்வளத் துறை தனித் துறையாகத்தான் தெரியும். அது பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தது 2021இல். ‘பொதுப்பணித் துறை’ என்று சொன்னால் கட்டடம் கட்டுகிறவர் என்று நினைத்துவிடுவார்கள். ‘கண்மாய் வேலை’ என்று சேர்த்தே சொல்லுங்கள்.

இவ்வளவும் 40 சொற்களுக்குள், அதாவது அரை நிமிடத்தில் முடிய வேண்டும்.

இனி நிலைப்பாடு. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘தூர்வாருவது அவசியம், ஆனால் முறையாகச் செய்ய வேண்டும்’ என்று எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை மறுக்க யார் இருக்கிறார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியம் விவாதத்துக்கு உதவாது. எழுதிய வரியை மற்ற மூவரில் ஒருவர் வாயில் வைத்துப் பாருங்கள். அவரும் அதைத் தயங்காமல் சொல்வார் என்றால் நீங்கள் இன்னும் நிலைப்பாடு எடுக்கவில்லை. எதற்கு முதலில் பணம், எது பிறகு, எது வேண்டாம் என்று வரிசைப்படுத்தும்போதுதான் கருத்துக்கு முனை வரும்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்றை எடுத்து எழுதிக் காட்டுகிறேன். நிலைப்பாடு உங்களுடையதாக இல்லாமல் போகலாம். அமைப்பை மட்டும் பாருங்கள்.

“வணக்கம். நான் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் பொதுப்பணித் துறையில் கண்மாய் வேலை பார்த்த உதவிப் பொறியாளர். தூர்வாரிய மண்ணை அளந்து எம்-புக்கில் எழுதியது என் வேலை. துறையின் ஆள் பேசுகிறேன் என்பதை மனதில் வைத்தே நான் சொல்வதைக் கேளுங்கள். சென்னைப் பக்கத்து ஏரிகளில் எனக்கு அனுபவம் இல்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

ஒரு கண்மாய்க்குப் பணம் ஒதுக்கினால் முதலில் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சரிசெய்ய வேண்டும். ஒரு மழைக்காலம் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே கண்மாயின் உட்பகுதியான உள்வாயில் மண் எடுக்க வேண்டும். இதுதான் என் நிலைப்பாடு.

நாற்பது ஹெக்டேர் கண்மாயை ஓரடி ஆழப்படுத்த ஒரு லட்சத்து இருபதாயிரம் கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் வரத்துக்காலில் அரை மீட்டர் வண்டல் எடுப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு வேலைதான். வரத்துக்கால் அடைத்துக் கிடந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் வராது. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது.

ஆடுமாடு குடிக்கவும் கிணறு ஊறவும் தண்ணீர் நிற்க வேண்டிய கண்மாய்களை ஆழப்படுத்தலாம். அதைப் பாசன வேலை என்று கணக்கில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

வரத்துக்காலில் வீடும் வயலும் வந்துவிட்ட ஊர்களில் அதை யார் மீட்பது, எப்படி மீட்பது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. வழக்கறிஞர் அம்மா சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறேன்.”

இது ஏறக்குறைய 140 சொல். உங்களுக்குத் தெரிந்த எத்தனையோ செய்திகள் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும், அடியில் இருக்கும் களிமண் படுகையை வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கைத் தொட்டால் கீழ்க்கண்மாய்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவை ‘எப்படித் தோண்டுவது’ என்ற கேள்விக்கு உரியவை. உங்கள் நிலைப்பாடோ ‘எதை முதலில் செய்வது’ என்பது பற்றியது. அந்த ஒரு கேள்வியைத் தாங்கும் காரணம் மட்டும் உள்ளே இருக்கட்டும். நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டால் பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்டீர்களே, வெளியே நிறுத்தியவை அத்தனையும் மிஞ்சும். நெறியாளர் கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

எண்களில் ஒரு எச்சரிக்கை. கணக்கு இது: 40 ஹெக்டேர் என்றால் 4,00,000 சதுர மீட்டர். ஓரடியை 0.3 மீட்டராகக் கொண்டு பெருக்கினால் 1,20,000 கன மீட்டர். வரத்துக்கால் 3,000 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். அது 3,000 கன மீட்டர். தாளில் இவ்வளவும் வேண்டும், பேச்சில் வேண்டாம். காதால் கேட்பவர் ஒரு பெரிய எண்ணையும் ஒரு பங்கையும் பிடித்துக்கொள்வார். மூன்றாவது எண் வந்ததும் முதல் எண் நழுவிவிடும். அதனால்தான் 3,000 என்பதைச் சொல்லாமல் ‘நாற்பதில் ஒரு பங்கு’ என்று வைத்தேன்.

கடைசிப் பத்தியில் விடை தெரியாததைச் சொல்லியிருப்பதில் கணக்கும் உண்டு. தொடக்க உரையை முடிவுரை மாதிரி முடித்தால் அடுத்தவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தை எப்படியும் வழக்கறிஞர் எடுக்கத்தான் போகிறார். அதற்குக் கதவை நீங்கள் திறந்துவிட்டால் விவாதம் உங்கள் வரத்துக்கால் வழியாகவே ஓடும். ஆனால் மற்றவர் பெயரைச் சொல்லி மறுப்பதை மட்டும் இந்த இரண்டு நிமிடத்தில் செய்யாதீர்கள். அவர் இன்னும் வாய் திறக்காதபோது நீங்கள் மறுப்பது, அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதாகிவிடும்.

பேசும் வரிசையில் நீங்கள் மூன்றாவதோ நான்காவதோ ஆக வந்தால், முன்னால் பேசியவர் உங்கள் காரணத்தையே சொல்லியிருக்கக்கூடும். அப்போது எழுதியதை அப்படியே ஒப்பிப்பது மோசம். மூன்றாவது பத்தியை விட்டுவிட்டு, ‘விவசாயி ஐயா வரத்துக்கால் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அதோடு மடை மட்டம் பற்றி ஒன்று’ என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு மேலே போங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு பத்தியும் தனியாகக் கழற்றக்கூடியபடி இருக்க வேண்டும். முதல் இரண்டு பத்தியைக் கழற்ற முடியாது. மற்றவை எதுவும் போகலாம். ஒன்றரை நிமிடத்தில் மணி அடித்துவிட்டாலும் அப்படித்தான்: இருக்கும் வாக்கியத்தை முடித்துக் கடைசிப் பத்திக்குத் தாவுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள்.

ஒத்திகையை மனதுக்குள் படித்துப் பார்த்து முடிக்காதீர்கள். கைபேசியில் பதிவு செய்து, எழுந்து நின்று, அவைக்குக் கேட்கும் குரலில் பேசுங்கள். மனதுக்குள் படித்தால் ஒரு நிமிடப் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றும். வாய்விட்டுப் பேசினால்தான் உண்மையான நேரம் தெரியும். 1 நிமிடம் 50 விநாடியைத் தாண்டினால் சொல்லைக் குறையுங்கள். பதிவைக் கேட்கும்போது எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ அந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். முதல் வரியும் நிலைப்பாட்டு வரியும் மனப்பாடமாக இருக்கட்டும். மற்றவற்றுக்குப் பெரிய எழுத்தில் ஒரு சிறு அட்டை போதும். தாளைப் பார்த்துப் படித்தால் குரல் கீழ்நோக்கிப் போகும். மைக் அதைப் பிடிக்காது.

உங்கள் உரை முடிந்ததும் பேராசிரியர் கேட்கக்கூடிய முதல் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன்: ‘முழுக் கண்மாயையும் யார் தோண்டுகிறார்கள்? மடையை ஒட்டிய பகுதியைத்தானே?’ நியாயமான கேள்வி. கால்வாசிப் பரப்பை மட்டும் தோண்டினாலும் 30,000 கன மீட்டர் வரும். வரத்துக்கால் அதில் பத்தில் ஒரு பங்கு. வாதம் நிற்கிறது, ஆனால் நாற்பது பத்தாகிறது. நீங்கள் வேலை பார்த்த ஏதாவது ஒரு கண்மாயின் உண்மையான அளவுகளை எடுத்து இந்த இரண்டு கணக்கையும் முன்கூட்டியே போட்டு, அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.