சீனப் பெருஞ்சுவர்: எதை நிறுத்தியது, எங்கே தோற்றது

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். "சீனப் பெருஞ்சுவர் இருந்தும் எதிரிகள் உள்ளே வந்துவிட்டார்களே, பிறகு எதற்கு அதைக் கட்டினார்கள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இதற்கு எப்படி விளக்கம் சொல்வது?

பதில்: சுவர் நிறுத்த நினைத்தது மனிதனை அல்ல, குதிரையை. இதிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஏணி போதும், ஆனால் குதிரை ஏணி ஏறாது. அப்போது சீனாவை ஆண்ட மிங் பேரரசின் வடக்கு எல்லையைத் தாக்கிய மங்கோலியப் படைகளின் பலமே குதிரை வேகம்தான். அவர்கள் பெரும்பாலும் வந்தது ஆட்சியைப் பிடிக்க அல்ல. கால்நடைகளையும் தானியத்தையும் ஆட்களையும் கொள்ளையிட்டுத் திரும்புவதற்கு. உள்ளே வரும்போது ஓர் இடத்தில் சுவரை இடித்து வழி செய்துகொள்ளலாம். கொள்ளையடித்த மந்தையை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது அந்த வழியைப் படை வந்து அடைத்திருந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

இது நடந்தும் இருக்கிறது. 1474-ல் யூ சிஜுன் என்ற அதிகாரி, மஞ்சளாறு வளைந்து செல்லும் ஓர்டோஸ் பகுதிக்குத் தெற்கே சுமார் 1,770 லி நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். ஒரு லி ஏறத்தாழ அரை கிலோமீட்டர். 40,000 பேர் சில மாதங்களில் முடித்த வேலை அது. நாம் படங்களில் பார்க்கும் செங்கல் சுவர் அல்ல, மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய சுவர். 1482-ல் உள்ளே புகுந்த ஒரு பெரிய கொள்ளைப் படை அரண்களுக்கு இடையே சிக்கிப் பலத்த தோல்வி கண்டது.

ஆக, சுவரின் வேலை எதிரியைத் தாமதப்படுத்துவது. அந்த அவகாசத்தில் செய்தி போக வேண்டும், படை வர வேண்டும். செய்திக்கு ஒழுங்கான முறை இருந்தது. 1466-ல் வந்த விதிப்படி நூறு பேர் வரை வந்தால் ஒரு புகை, ஒரு பீரங்கி வெடி, ஐந்நூறு என்றால் இரண்டு, ஆயிரத்தைத் தாண்டினால் மூன்று, ஐயாயிரத்துக்கு நான்கு, பத்தாயிரத்துக்கு ஐந்து. ஒரு காவல்கோபுரம் கொடுத்த சைகையை அடுத்தது திருப்பிக் கொடுக்கும். இதில் காவலாளி தூங்கினாலும், செய்தி கிடைத்தும் படை புறப்படாவிட்டாலும், சுவர் வெறும் மண்மேடுதான்.

அது எப்படித் தோற்கும் என்பதற்கு 1550-ஐப் பாருங்கள். மங்கோலியத் தலைவர் அல்தான் கான் பல ஆண்டுகளாக வணிக அனுமதி கேட்டுவந்தார். குதிரைகளைக் கொடுத்துத் துணியும் தானியமும் வாங்குவது அவர் மக்களுக்குத் தேவையாக இருந்தது. பேரரசு மறுத்தது. அவர் படையோடு வந்தபோது, வடக்கு எல்லையில் உள்ள தாதோங் பகுதித் தளபதி சியூ லுவான் அவருக்கு லஞ்சம் கொடுத்து, தன் எல்லையைத் தாக்காமல் வேறு பக்கம் போகும்படி கேட்டுக்கொண்டார். அல்தான் கான் கிழக்கே நகர்ந்தார். பெய்ஜிங்குக்கு வடகிழக்கே உள்ள கூபெய்கோ கணவாயை நேராகத் தாக்குவதுபோல் காட்டி, இன்னொரு பிரிவைப் பக்கத்து மலைவழியில் அனுப்பிக் காவல் படையின் முதுகுப் பக்கம் வந்தார். தலைநகரின் புறநகர்கள் கொள்ளை போயின. நீண்ட எல்லை முழுவதும் படையைப் பரப்பி வைப்பவன் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சப் பேரோடு நிற்பான். தாக்குபவனோ தான் தேர்ந்த ஓரிடத்தில் மொத்தமாக வருவான். இது நீண்ட சுவர்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை.

இதைச் சரிசெய்ய முனைந்தவர் தளபதி சி ஜிகுவாங். 1568 முதல் பெய்ஜிங்கை ஒட்டிய பகுதியில், உள்ளே அறைகள் கொண்ட கோபுரங்களைக் கட்டுவித்தார். ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 வீரர்கள் தங்கினார்கள்; ஆயுதங்களும் உணவும் அங்கேயே இருந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அல்தான் கானின் பக்கம் அமைதி வந்ததற்கு முக்கியக் காரணமாக நான் கருதுவது 1571 உடன்படிக்கையை. எல்லையில் குதிரைச் சந்தைகள் திறந்தார்கள்; அல்தான் கானுக்கு அரசப் பட்டம் கொடுத்தார்கள். கேட்டது சந்தையில் கிடைத்ததும் பெரிய படையெடுப்புகள் நின்றன.

பிறகு சீனாவுக்கு வடகிழக்கே எழுந்த மஞ்சூக்களின் கதை வேறு. மலையும் கடலும் சந்திக்கும் ஷான்ஹாய் கணவாயை அவர்களால் முட்டிப் பிடிக்க முடியவில்லை. 1629-ல் அவர்களின் அரசர் ஹோங் தைஜி அதை விட்டுவிட்டு, தன்னோடு சேர்ந்த மங்கோலியர்களின் நிலம் வழியே மேற்கே சுற்றி, காவல் குறைந்த கணவாய்களில் நுழைந்து பெய்ஜிங் வரை வந்தார். நகரைப் பிடிக்காமலே திரும்பினார்.

1644-க்கு வகுப்பில் ஒரு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் பெய்ஜிங்கைப் பிடித்தது வெளிநாட்டுப் படை அல்ல, லீ சிசெங் தலைமையிலான உள்நாட்டுக் கலகப் படை. தலைநகருக்கு வடமேற்கே இருந்த ஜூயோங் கணவாய் சரணடைந்து அவருக்கு வழிவிட்டது. ஷான்ஹாயில் நின்ற தளபதி வூ சாங்குய் முன்னே மஞ்சூக்களும் பின்னே லீ சிசெங்கும் இருக்க நடுவே அகப்பட்டார். அவர் மஞ்சூக்களோடு சேர்ந்து கணவாயைத் திறந்துவிட்டார். மே மாத இறுதியில் இரு படைகளும் சேர்ந்து லீ சிசெங்கைத் தோற்கடித்தன. ஜூன் மாதம் மஞ்சூக்கள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தார்கள்.