சக்கர நாற்காலி மாணவனுக்கு எறிதல் போட்டி

கேள்வி: எங்கள் தோட்டப் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பதினொரு வயது மாணவன் இருக்கிறான். கையில் பலம் குறைவு. குண்டு எறிந்தால் காலடியிலேயே விழுகிறது. உட்கார்ந்து எறிவதற்கென்றே செய்யும் எறிதல் நாற்காலி 3,000 ரிங்கிட் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா? (ஆசிரியை, சுங்கை சிப்புட்)

வாங்காதீர்கள். 'அனைத்துலகத் தரம்' என்று சொல்லி விற்பவரிடம், பையனின் தொடை நீளத்தையும் முதுகு உயரத்தையும் அளந்தாரா என்று கேளுங்கள். அளக்காமல் செய்த நாற்காலியில் அவன் சறுக்குவான். அளந்து செய்தாலும் சில ஆண்டுகளில் சிறியதாகிவிடும்.

முதல் கோளாறு குண்டில் இல்லை, இருக்கையில்தான். பிரேக் போட்டாலும் புல்லில் நாற்காலி அசையும்; கையில் இருக்கும் கொஞ்சநஞ்ச விசையும் அதில் போய்விடும். நான்கு பக்கமும் இரும்பு முளை அடித்து, லாரிச் சரக்கு கட்டும் பட்டையால் நாற்காலியின் சட்டத்தை இறுக்குங்கள். சக்கரத்தில் கட்டக்கூடாது. இடுப்பை ஒட்டித் தொடைமேல் இழுபடாத பட்டை ஒன்று போடுங்கள். எறியாத கைக்குப் பிடித்து இழுக்க ஒரு பிடிமானம் வேண்டும்.

அடுத்து, குண்டுக்குப் பதிலாகப் பயறுப் பை. பழைய ஜீன்ஸ் துணியில் பச்சைப்பயறு போட்டுத் தளர்வாகத் தையுங்கள். பிடிக்க எளிது, உருளாது, விழுந்த இடத்தை அளக்கலாம். 100, 150, 200 கிராமில் மூன்று செய்து ஒவ்வொன்றையும் மூன்று முறை எறியச் சொல்லுங்கள். மூன்றாவது எறிதலிலும் தூரம் குறையாத மிகக் கனமான பைதான் அவனுடையது. எறியும்போது உடம்பு மறுபக்கம் சாய்ந்தால் பை கனம் என்று அர்த்தம்.

மற்றவர்களோடு எப்படிப் போட்டி போடுவது? முன்னேற்றத்தை எண்ணுங்கள். இரண்டு நாள் எறிய விட்டு, சராசரியை விட்டுவிட்டு மிகச் சிறந்ததை அடிப்படையாக வையுங்கள். சராசரி என்றால் வேண்டுமென்றே சோம்பி எறிவார்கள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இவன் அடிப்படை 2.40 மீட்டர், போட்டியில் 2.70 என்றால் 12.5 விழுக்காடு. இன்னொருவன் 4.00 இலிருந்து 4.20 என்றால் 5 விழுக்காடுதான். இவன்தான் வெற்றி. இவனுடைய எல்லா எறிதலையும் தொடர்ந்து ஒரே அமர்வில் முடியுங்கள். அனைத்துலக இருக்கை எறிதலிலும் அப்படித்தான், ஆளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பலம் குறைவுக்குக் காரணம் தசைச் சிதைவு நோயா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் மேலே சொன்ன கணக்கே வேண்டாம். அந்த நோயில் பலம் நாளடைவில் குறைந்துகொண்டே போகும். முன்னேற்றத்தை எண்ணினால் தோற்கத்தான் செய்வான். வற்புறுத்தினால் தசைக்கும் கேடு. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மிக லேசான பையால் தரையில் வரைந்த வட்டங்களைக் குறி பார்த்து எறியட்டும். நான்கு எறிதல் போதும். மறுநாள் கை வலித்தால் அடுத்த முறை இரண்டாகக் குறையுங்கள்.

மாவட்டப் போட்டிப் படிவத்தில் இவனுக்கு ஒரு கட்டம்கூட இல்லாமல் போகலாம், கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பலாம். அதற்காகக் காத்திருக்காமல் உங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி நிரலில் இதைத் தனி அங்கமாக எழுதிவிடுங்கள், இடைவேளையில் தள்ளாமல்.